இரண்டு புள்ளிகளில் நிற்கும் கட்டடம்

கணினியில் வரையப்படும் எந்தக் கட்டட மாடலுக்கும் சொந்தமாக ஒரு பூஜ்யம் உண்டு. ஆர்க்கிடெக்ட் தன் வசதிக்கு ஏ, 1 என்ற இரு கிரிட் கோடுகள் சந்திக்கும் மூலையைப் பூஜ்யமாக வைத்துக்கொள்வார். சுவர்களும் தூண்களும் அங்கிருந்து வலப்பக்கமும் மேல்பக்கமும் வளரும். தாளின் மேல்பக்கத்தை வடக்கு என்று சொல்லிக்கொள்வார். சுவர்கள் தாளின் ஓரத்துக்கு நேராக இருந்தால்தான் வரையவும் படிக்கவும் சுலபம். மென்பொருளில் இதற்கு Project North என்று பெயர். வரைபடத்துக்கு வெளியே இந்த வடக்குக்கு மதிப்பில்லை.

மனையில் டோட்டல் ஸ்டேஷனை நிறுத்தி முளை அடிக்கும் சர்வேயருக்கு வேண்டியது வேறு எண்கள். சென்னையில் அவை பெரும்பாலும் யூடிஎம் முறையில் வரும். இந்த முறை பூமியை ஆறு பாகை அகலமுள்ள 60 பட்டைகளாகப் பிரிக்கிறது. சென்னை 44ஆவது பட்டையில் இருக்கிறது. அதன் நடுக்கோடு 81 பாகைத் தீர்க்கரேகை. நடுக்கோட்டுக்கு 500,000 மீட்டர் என்று எண் கொடுத்து, அதிலிருந்து கிழக்கு மேற்கை அளப்பார்கள். வடக்கு எண் பூமத்திய ரேகையிலிருந்து எண்ணப்படுகிறது. மாடலை இந்த எண்களோடு சரியாகக் கட்டிவைப்பதுதான் வேலை.

உதாரணத்துக்கு, சென்னையில் ஒரு மனை என்று வைத்துக்கொள்வோம். ஏ-1 மூலைக்குச் சர்வேயர் தரும் எண்கள்: கிழக்கு 418,250.420, வடக்கு 1,441,630.815. அதே ஏ கோட்டில், மாடல் கணக்கில் 48 மீட்டர் தள்ளி ஏ-9 இருக்கிறது. அதன் எண்கள்: கிழக்கு 418,295.511, வடக்கு 1,441,647.227. இரண்டையும் கழித்துப் பாருங்கள். கிழக்கில் 45.091, வடக்கில் 16.412 மீட்டர் வித்தியாசம். இதிலிருந்து கட்டடம் 20 பாகை இடஞ்சுழியாகத் திரும்பி நிற்கிறது என்று கணக்கு வரும்.

முதலில் தோன்றும் யோசனை, மொத்த மாடலையும் தூக்கி அந்தப் பெரிய எண்களிலேயே வைத்துவிடலாம் என்பது. அங்கேதான் கணினி காலை வாருகிறது. திரையில் படம் காட்டும் பகுதி பல மென்பொருள்களில் ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ ஏழு இலக்கங்களை மட்டுமே நம்பிக்கையாக வைத்துக்கொள்ளும். 14 லட்சம் மீட்டர் தூரத்தில், அடுத்தடுத்து அது குறிக்கக்கூடிய இரண்டு இடங்களுக்கு நடுவில் 12.5 சென்டிமீட்டர் இடைவெளி விழுகிறது. கதவுச் சட்டம் சுவரை விட்டு விலகும், வட்டத் தூண் பல்லிளிக்கும், பெரிதாக்கிப் பார்த்தால் கோடுகள் நடுங்கும். ரெவிட் மென்பொருள் இதனால்தான் தன் உள் பூஜ்யத்திலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வரையச் சொல்கிறது.

எனவே மாடல் தன் பூஜ்யத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அசையக் கூடாது. அதன் கூடவே ஒரு நகர்வும் ஒரு திருப்பமும் எண்களாக மட்டும் பதிவாகும். ரெவிட்டில் இந்தப் பதிவை Shared Coordinates என்பார்கள். ஐஎஃப்சி கோப்பில் இது IfcMapConversion என்ற பெயரில் இருக்கும். பெயர் எதுவானாலும் உள்ளே நடக்கும் கணக்கு ஒன்றுதான்:

```
E = E0 + k(x cosθ − y sinθ)
N = N0 + k(x sinθ + y cosθ)
```

இதில் E0, N0 என்பவை ஏ-1இன் சர்வே எண்கள். θ 20 பாகை. x, y இரண்டும் மாடலுக்குள் அளந்த தூரங்கள்.

k என்னவென்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேலே கழித்த வித்தியாசங்களிலிருந்து ஏ-1க்கும் ஏ-9க்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டால் 47.985 மீட்டர்தான் வரும். மாடலில் 48.000. சைட்டில் டேப் போட்டு அளந்தாலும் 48 வரும். சர்வேயர் தப்பாக அளந்துவிட்டார் என்று சண்டை தொடங்குவது இங்கேதான். தப்பு யாருடையதும் இல்லை. உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடத்தில் விரிக்கும்போது யூடிஎம் தூரங்களை லேசாகச் சுருக்கியோ நீட்டியோதான் காட்ட முடியும். நடுக்கோட்டில் அந்தச் சுருக்கம் 0.9996. நம் மனையில் ஏறத்தாழ 0.99968. நூறு மீட்டருக்கு 32 மில்லிமீட்டர் குறைகிறது. ஒரு வீட்டுக்கு இது பொருட்டில்லை. அரை கிலோமீட்டர் நீளத் தொழிற்சாலைக்கு 16 சென்டிமீட்டர் ஆகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் சர்வேயர் k-ஐ 1 ஆக்கி, அந்த மனைக்கென்று ஒரு தனிக் கிரிட் அமைத்துக்கொடுப்பது நல்லது.

திசையிலும் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது. மென்பொருள் True North என்று காட்டும் வடக்கை, சர்வே எண்களோடு கட்டிய பிறகு, துருவத்தை நோக்கிய வடக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வரைபடக் கட்டங்களின் வடக்கு. பட்டையின் நடுக்கோட்டில் இரண்டும் ஒன்றாக இருக்கும், விலக விலகப் பிரியும். நம் மனையில் பிரிவு சுமார் 10 கலை, அதாவது ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு. நிழல் எங்கே விழும் என்று பார்க்க இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் சூரியனை வைத்துக் கண்ட வடக்கை யாராவது அந்தக் கட்டத்தில் தட்டிவிட்டால், 48 மீட்டர் தள்ளியுள்ள ஏ-9 மூலை 14 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பைல் போடும் இடத்தில் அது பெரிய பிழை. காம்பஸ் காட்டும் வடக்கு மூன்றாவது ஒன்று, அதற்கு இந்த வேலையில் இடமே இல்லை. திருப்பக் கோணத்தை எந்த வடக்கையும் பார்த்து எடுக்காமல், இரண்டு சர்வே புள்ளிகளிலிருந்து மட்டும் கணக்கிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனிச் சரிபார்ப்பு. நடைமுறையில் பலர் ஏ-1ஐ மட்டும் சொடுக்கிப் பார்க்கிறார்கள், எண் பொருந்தினால் முடித்துவிடுகிறார்கள். ஏ-1 எப்போதும் பொருந்தும், ஏனென்றால் அந்த எண்ணை நாமேதான் கொடுத்தோம். 20 பாகையை இடஞ்சுழிக்குப் பதில் வலஞ்சுழியாகக் கொடுத்திருந்தாலும் ஏ-1 அசையாது. ஏ-9 மட்டும் கிட்டத்தட்ட 33 மீட்டர் தள்ளி விழும். கோணத்தை எந்தப் பக்கம் கூட்டலாக எடுப்பது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறுவதால் இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது. அதனால் திருப்பத்தைக் கணக்கிடப் பயன்படுத்தாத ஒரு புள்ளியை, முடிந்தால் எதிர்மூலையை, எடுங்கள். நம் கட்டடத்தில் மாடல் கணக்கில் 48, 18 என்று இருக்கும் டி-9 மூலைக்கு கிழக்கு 418,289.357, வடக்கு 1,441,664.136 என்று வர வேண்டும். ரெவிட் போல k-ஐக் கணக்கில் எடுக்காத மென்பொருளில் இதிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் விலகும். அதற்கு மேல் விலகினால் காரணம் வேறு. கிழக்கும் வடக்கும் இடம் மாறியிருந்தால் கட்டடம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்துபோயிருக்கும். மீட்டருக்கும் மில்லிமீட்டருக்கும் குழப்பம் என்றால் ஆயிரம் மடங்கு வித்தியாசம் தெரியும்.

உயரத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஜிபிஎஸ் கருவி தரும் கச்சா உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்தது அல்ல. சென்னைப் பக்கம் இரண்டுக்கும் சுமார் 90 மீட்டர் வித்தியாசம். கடலோர மனைக்கு மைனஸ் எண்பது, தொண்ணூறு என்று உயரம் வந்தால் அது இந்தக் குழப்பம்தான்.

ஸ்ட்ரக்சுரல், பிளம்பிங், எலக்ட்ரிகல் ஆட்கள் ஆளுக்கொரு முறை இந்த எண்களைத் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒருவர் சர்வே கோப்பிலிருந்து ஒரு முறை எடுத்து, மேலே சொன்னபடி எதிர்மூலையைச் சரிபார்த்துப் பூட்டிவிட வேண்டும். மற்றவர்கள் அவருடைய மாடலை இணைத்து அதிலிருந்தே ஆயத்தொலைவுகளைப் பெற வேண்டும். எண்கள் சிறியதாக இருக்கட்டும் என்று சைட்டில் 418,000, 1,441,000 என்று கழித்துக்கொண்டால், கழித்த அந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு வரைபடத்தின் தலைப்புக் கட்டத்திலும் பட்டை எண்ணோடு அச்சாகியிருக்க வேண்டும்.