அறிக்கையில் ‘இஸ்’ஸா, ‘ஆர்’ரா?

ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவோர் அடிக்கடி தடுமாறும் இடம் இது. ‘எ நம்பர் ஆஃப் பேஷண்ட்ஸ்’ என்றால் நோயாளிகள் பலர். வினை பன்மை, ‘ஆர்’. ‘தி நம்பர் ஆஃப் பேஷண்ட்ஸ்’ என்றால் பேச்சு எண்ணிக்கையைப் பற்றியது. அது ஒன்றுதான், ஆகவே ‘இஸ்’. தமிழிலும் அப்படித்தானே? நோயாளிகள் பலர் வந்தனர். நோயாளிகளின் எண்ணிக்கை உயர்ந்தது. நடுவில் நிற்கும் ‘நோயாளிகள்’தான் கண்ணை ஏமாற்றி, ‘உயர்ந்தன’ என்று எழுதவைக்கிறது.

சதவீதம் வந்தால், ‘ஆஃப்’புக்குப் பின்னுள்ள பெயரைப் பாருங்கள். ‘20 பர்சென்ட் ஆஃப் தி வாட்டர் இஸ்’. ஆனால், ‘20 பர்சென்ட் ஆஃப் தி பம்ப்ஸ் ஆர்’. ‘தி பர்சென்டேஜ் ஆஃப்’ என்று தொடங்கினாலோ, பின்னால் எது வந்தாலும் ஒருமைதான். அளவுகளும் பொதுவாக ஒருமையே: ஒரே அளவாகச் சேர்த்த மருந்துக்கு ‘5 மில்லிலிட்டர்ஸ் வாஸ் ஆடட்’ என்றே எழுதலாம்.