கடன் ரூபாயில் இல்லை, கிராமில்: தீபாவளிக்கு முன் நகைக்கடைக்காரர் வங்கி மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் நகைக்கடைக் கல்லாவுக்கும் கடலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன பிறகுதான் வீடுகளில் பணம் புழங்கும். அடுத்து தீபாவளி, கார்த்திகை, தை முகூர்த்தங்கள். அதற்குள் பட்டறையில் நகை தயாராக வேண்டும் என்றால், ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கையில் தங்கக் கட்டி இருக்க வேண்டும்.

ஒரு கிலோ கட்டி வாங்கும் அளவுக்கு ரொக்கம் எல்லோரிடமும் இருக்காது. அப்போது சிலர் வங்கியில் கேட்பதுதான் ‘கோல்டு மெட்டல் லோன்’. நாம் நகையை அடகு வைத்து வாங்கும் நகைக்கடனுக்கு நேர் எதிரானது இது. அங்கே தங்கத்தைக் கொடுத்துப் பணம் வாங்குகிறோம். இங்கே வங்கி தங்கத்தையே கடனாகக் கொடுக்கிறது.

கடிதம் எப்படி இருக்கும்?

பலர் எழுதுவது, ‘பண்டிகை வியாபாரத்துக்கு ஒரு கோடி ரூபாய் கடன் தேவை’ என்றுதான். மேலாளருக்கு இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. உருப்படியான கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும் (இது ஒரு மாதிரி மட்டுமே):

“மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் சொந்தப் பட்டறையில் நகை செய்து எங்கள் கடையிலேயே விற்று வருகிறோம். வரும் பண்டிகை, முகூர்த்த வியாபாரத்துக்காக 1 கிலோ தங்கம் உலோகக் கடனாக வேண்டுகிறோம். செப்டம்பர் முதல் வாரத்தில் கிடைத்தால் உதவியாக இருக்கும். 180 நாட்களுக்குள் முடித்துக்கொள்கிறோம். நகை விற்கும் அன்றே, விற்ற எடைக்கு உங்களிடம் ரேட் ஃபிக்ஸ் செய்து பணம் கட்டிவிடுகிறோம். உத்தரவாதமாக வைப்புத்தொகை தருகிறோம். கடந்த மூன்று ஆண்டு பண்டிகைக் கால விற்பனை விவரம், ஜிஎஸ்டி கணக்கு, இருப்புப் பட்டியல் இணைத்துள்ளோம்.”

சின்னக் கடிதம்தான். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது.

‘சொந்தப் பட்டறை’ என்று ஏன் சொல்ல வேண்டும்?

இந்தக் கடன் நகை செய்வதற்காக. கட்டியை வாங்கி அப்படியே இன்னொருவருக்குக் கைமாற்றிவிட முடியாது. உள்நாட்டு நகைத் தயாரிப்பாளருக்கு 180 நாள் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் வரம்பு. சொந்தமாகத் தயாரிக்காமல் வெளியே கொடுத்துச் செய்பவர்களுக்கும் அனுமதி, 270 நாள் அவகாசம் என்று 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு வரைவை வெளியிட்டது. அதனால் விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி அமலில் இருக்கிறது என்று மேலாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று, எல்லா வங்கியும் தங்கம் கொடுக்காது. தங்கம் இறக்குமதி செய்ய ரிசர்வ் வங்கி அனுமதித்த வங்கிகளால்தான் முடியும். கடைக்காரரின் கணக்கு வேறு வங்கியில் இருந்தால்? அந்த வங்கி ஓர் உத்தரவாதக் கடிதம் கொடுக்கலாம். அதை ஏற்று, அனுமதி பெற்ற வங்கி தங்கம் கொடுக்கும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும் என்பதால்தான் கடிதம் ஆகஸ்டிலேயே போக வேண்டும்.

இந்தக் கரையில் பில்லோடு வரும் தங்கத்துக்குத் தனி மதிப்பு உண்டு. 2023-ல் மண்டபம் பகுதிக் கடலில், படகில் கடத்தி வந்ததும் கடலில் வீசப்பட்டதுமாக 32 கிலோவுக்கும் மேல் தங்கம் பிடிபட்டது. வங்கி வழியாக வரும் கட்டியில் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்விக்கே இடமில்லை.

ரூபாயில் கேட்காமல் கிராமில் கேட்டால் என்ன லாபம்?

கணக்கு எளிதாக இருக்க, கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஒரு கோடி. இந்தக் கட்டியில் 22 காரட் நகை செய்தால், செம்பு முதலிய உலோகம் சேர்வதால், பட்டறைச் சேதாரத்துக்கு முன் சுமார் 135 பவுன் வரும்.

உலோகக் கடனின் வட்டி பொதுவாக ரூபாய்க் கடனைவிடக் குறைவு. உதாரணத்துக்கு 4 சதவீதம், 10 சதவீதம் என்று எடுத்தால், மூன்று மாதத்துக்கு ஒன்றில் சுமார் 1 லட்சம், இன்னொன்றில் 2.5 லட்சம். மிச்சம் 1.5 லட்சம்.

அதைவிடப் பெரிய லாபம் விலை இறங்கும்போது தெரியும். 2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. ஒரே நாளில் பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் சரிந்தது. ரூபாயில் கடன் வாங்கித் தங்கம் வாங்கி வைத்தவருக்குக் கடன் அப்படியே நின்றது, சரக்கு மதிப்பு மட்டும் இறங்கியது. உலோகக் கடனில் ரேட் ஃபிக்ஸ் செய்யாமல் இருந்தவருக்குச் சரக்கோடு சேர்ந்து கடனும் இறங்கியது.

அப்படியென்றால் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

விற்ற பிறகுதான். கடையில் நகையாக இருக்கும்வரை விலை ஏறினாலும் கவலையில்லை. கடன் ஏறும், சரக்கும் ஏறும். ஆனால் நகை வாடிக்கையாளர் கைக்குப் போன நிமிடமே சரக்கு பணமாகிவிட்டது. கடன் மட்டும் இன்னும் தங்கமாகவே இருக்கிறது.

தீபாவளி வாரத்தில் 500 கிராம் தங்கம் 10,000 ரூபாய் விலையில் விற்றுவிட்டது. தங்கத்துக்காக மட்டும் கைக்கு வந்தது 50 லட்சம். ‘ரேட் இறங்கட்டும், அப்புறம் ஃபிக்ஸ் பண்ணிக்கலாம்’ என்று அந்தப் பணத்தை வேறு சரக்கில் போட்டுவிடுகிறார். ஒரு மாதத்தில் கிராம் 11,000 ஆகிறது. இப்போது கட்ட வேண்டியது 55 லட்சம். 5 லட்சம் நஷ்டம். வட்டியில் மிச்சம் பிடித்த 1.5 லட்சம் எந்த மூலைக்கு?

இன்னொரு அடியும் சேர்ந்து விழும். தங்க மதிப்பில் 110 சதவீதம் உத்தரவாதம் வேண்டும் என்று வங்கி கேட்டிருந்தால், முழுக் கிலோவும் பாக்கி இருக்கும்போது முதலில் 1.10 கோடி தேவை. விலை 11,000 ஆனதும் அது 1.21 கோடி. கூடுதல் 11 லட்சத்தைக் கேட்டு வங்கியிலிருந்து போன் வரும். பணம் சரக்கில் முடங்கிக் கிடக்கும் நேரம் அது. கட்டவில்லையென்றால் வங்கியே அன்றைய விலையில் ஃபிக்ஸ் செய்து உத்தரவாதத் தொகையில் கை வைக்கலாம்.

கோளாறு வருகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தினமும் கடை சாத்தும்போது இரண்டு எண்களை எழுத வேண்டும். ஒன்று, கடையிலும் பட்டறையிலும் இந்தக் கடனில் மிச்சம் இருக்கும் சுத்தத் தங்கம். மற்றொன்று, வங்கியில் இன்னும் ஃபிக்ஸ் செய்யாத எடை. சேதாரம் போக இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வங்கி எண் பெரிதாக இருந்தால், அந்த வித்தியாசம் அத்தனையும் விலை ஏறக் கூடாது என்று கட்டிய பந்தயம்.

கடிதத்தில் ‘விற்கும் அன்றே ரேட் ஃபிக்ஸ்’ என்று எழுதியிருந்தாரே, மேலாளர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். தங்கம் கிடைத்த பிறகு, பண்டிகைக் கூட்டத்துக்கு நடுவே, கடைக்காரர் தினமும் காப்பாற்ற வேண்டியதும் அதைத்தான்.