மாடல் கட்டியவரா, கட்டம் நிரப்பியவரா?

கோவைப் பக்கம் விவசாய மோட்டார் பம்ப் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று, ஃபைனான்சியல் அனலிஸ்ட் தேவை என்று விளம்பரம் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்பது மூன்று வேலை: நிதி மாடல் உருவாக்க வேண்டும், விற்பனையையும் பணவரவையும் முன்கூட்டிக் கணிக்க வேண்டும், நிர்வாகத்துக்கு மாதாமாதம் அறிக்கை தர வேண்டும். வந்து குவியும் ரெஸ்யூமேக்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இந்த மூன்றும் இருக்கும். விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதானே எழுதுகிறார்கள்! ஆகவே அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுவது வீண் வேலை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் உண்மையில் என்ன வேலை நடந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

கற்பனையாக ஒரு ரெஸ்யூமேயை எடுத்துக்கொள்வோம். எம்.காம். படித்தவர். ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஐந்து ஆண்டு அனுபவம். எக்செல், பவர் பிஐ தெரியும் என்று மேலேயே போட்டிருக்கிறார். அதைக் கடந்துவிடலாம். எக்செல் தெரிந்தவர் எல்லாரும் மாடல் கட்டத் தெரிந்தவர் அல்ல. நமக்கு வேண்டியது அடுத்து வரும் மூன்று வரிகள்.

முதல் வரி: “வங்கிக் கடன் புதுப்பிப்புக்காக ஐந்தாண்டு நிதி மாடல் தயாரித்தேன்.”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர் நிறுவனங்களில் இது பெரும்பாலும் ‘சி.எம்.ஏ. டேட்டா’வாக இருக்கும். நடைமுறை மூலதனக் கடன் கேட்கும்போது வங்கிக்குக் கொடுக்கும் படிவத் தொகுப்பு அது. கடந்த ஆண்டுகளின் கணக்கும் வரும் ஆண்டுகளின் கணிப்பும் அதில் இருக்கும். கட்டங்கள் ஏற்கெனவே போட்டிருக்கும், எண்களை நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. இன்னொரு ரகசியமும் உண்டு. நடப்புச் சொத்து, நடப்புப் பொறுப்பைப் போல 1.33 மடங்காவது இருக்க வேண்டும் என்பது டாண்டன் குழு 1970களில் வகுத்த கடன் முறையிலிருந்து வந்த கணக்கு. வங்கிகள் இன்றும் அதைப் பார்க்கும் என்று தெரிந்த சிலர், அந்த விகிதத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதாக விற்பனைக் கணிப்பைப் பின்னோக்கி எழுதுவார்கள். அதை மாடல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மாடல் என்றால் லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை மூன்றும் ஃபார்முலாக்களால் பிணைந்திருக்க வேண்டும். ஓர் அனுமானத்தை மாற்றினால் மூன்றும் நகர வேண்டும். இவருக்கு அது தெரியுமா என்று அறிய, தொலைபேசியிலேயே ஒரு கேள்வி கேட்டுவிடலாம். ஆண்டு விற்பனை 73 கோடி ரூபாய். அதாவது நாளொன்றுக்கு 20 லட்சம். டீலர்கள் இதுவரை 45 நாளில் பணம் கொடுத்தார்கள், இனி 60 நாள் எடுத்துக்கொள்வார்கள். என்ன ஆகும்?

“பணவரவு பாதிக்கும்” என்று மட்டும் சொல்பவர் படிவம் நிரப்பியவர். மாடல் கட்டியவர் கணக்கைத் தொடர்ந்து ஓட்டுவார்: 15 நாள் விற்பனை, அதாவது 3 கோடி, கூடுதலாக வெளியே நிற்கும். இருப்புநிலையில் வரவேண்டிய பாக்கி அந்த அளவு ஏறும். கையில் பணம் இல்லையென்றால் வங்கியின் கேஷ் கிரெடிட் 3 கோடி ஏறும். வட்டி 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 30 லட்சம் லாபத்திலிருந்து போகும். அந்த வட்டியும் கடனை மேலும் ஏற்றும். பேப்பரில் விற்பனை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்பதையும் நல்லவர் சேர்த்துச் சொல்வார்.

இரண்டாம் வரி: “விற்பனைக் கணிப்பின் துல்லியத்தை 98 சதவீதமாக உயர்த்தினேன்.”

மூன்றில் இந்த வரிதான் அதிகம் கவரும். நான் அதிகம் சந்தேகப்படுவதும் இதைத்தான். துல்லியம் எந்த மட்டத்தில் அளக்கப்பட்டது? ஒரு மாதம் பிரேக் பாகம் 6 கோடிக்கும் கிளட்ச் பாகம் 4 கோடிக்கும் விற்கும் என்று கணித்தார். மொத்தம் 10 கோடி. விற்றதோ பிரேக் 4.5 கோடி, கிளட்ச் 5.3 கோடி, மொத்தம் 9.8 கோடி. மொத்தத்தில் பிழை வெறும் 2 சதவீதம், எனவே துல்லியம் 98. ஆனால் பொருள்வாரியாகப் பார்த்தால் ஒன்றில் 1.5 கோடி, இன்னொன்றில் 1.3 கோடி, ஆக 2.8 கோடிக்குத் தவறியிருக்கிறார். விற்பனையில் அது கிட்டத்தட்ட 29 சதவீதம். ஒரு பக்கத்து மிகையும் மறு பக்கத்துக் குறையும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. கிடங்கில் பிரேக் பாகம் தேங்கும். கிளட்ச் பாகத்துக்கு ஓவர்டைம் கொடுத்து ஓட வேண்டியிருக்கும். உற்பத்திப் பிரிவுக்கு 98 சதவீதத்தால் எந்தப் பயனும் இல்லை.

எப்போது கணித்தார் என்பதும் அதே அளவு முக்கியம். மாதம் பிறந்து 20 நாள் ஆனபின் கணிப்பவர் பாதிக்கு மேல் நடந்ததையே கூட்டிச் சொல்கிறார். பம்ப் வியாபாரத்தில் கோடையில்தான் விற்பனை சூடு பிடிக்கும். அதற்கான செம்புக் கம்பியையும் வார்ப்பையும் முன்பே வாங்கி வைக்க வேண்டும். மார்ச் விற்பனையை டிசம்பரில் சொல்லி, அதில் 80 சதவீதம் துல்லியம் காட்டியவர் இந்த வேலைக்கு இவரைவிட மேல். ரெஸ்யூமேயில் ‘மூன்று மாதம் முன்னதாக’, ‘பொருள்வாரியாக’ போன்ற சொற்கள் இருந்தால் அவற்றுக்கு 98ஐவிட அதிக மதிப்பு கொடுக்க வேண்டும்.

மூன்றாம் வரி: “மாதாந்திர எம்.ஐ.எஸ். தயாரித்து, பட்ஜெட்டிலிருந்து விலகியதற்கான காரணங்களை நிர்வாகக் கூட்டத்தில் விளக்கினேன்.”

இந்த வரி எனக்குப் பிடிக்கிறது. தயாரித்தவர் பலர் இருப்பார்கள். கூட்டத்தில் நின்று விளக்கியவர் சிலர்தான். முதலாளி குறுக்கே கேட்பதற்குப் பதில் சொல்ல, விற்பனை 4 சதவீதம் குறைந்தது என்பது போதாது. எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு சரிந்ததை விலை ஏற்றம் மறைத்திருக்கலாம். அதைப் பிரித்துக் காட்டத் தெரிந்தவரா என்று ஓர் உதாரணம் கேட்டால் போதும்.

ஆக, இந்த ரெஸ்யூமேயில் அறிக்கைக்குச் சான்று இருக்கிறது, கணிப்பு ஐயத்துக்குரியது, மாடலிங் இன்னும் நிரூபணமாகவில்லை. மூன்றுக்கும் சம மதிப்பெண் போட்டுச் சராசரி பார்ப்பது தவறு. நிறுவனத்தில் எம்.ஐ.எஸ். போட ஏற்கெனவே ஆள் இருந்து, புதிய ஃபவுண்டரிக்குக் கடன் வாங்கலாமா என்று முடிவெடுக்கத்தான் ஆள் தேடுகிறார்கள் என்றால், இவருடைய வலுவான வரி அங்கே உதவாது. இதை விளம்பரம் எழுதும்போதே தீர்மானித்திருக்க வேண்டும். பல இடங்களில் மூன்றையும் கேட்டு வேலைக்கு எடுத்துவிட்டு, எம்.ஐ.எஸ். மட்டுமே போடச் சொல்கிறார்கள்.

ஆனாலும் இவரை அழைக்கலாம். பழைய நிறுவனத்தின் மாடலைக் காட்டச் சொல்லக் கூடாது. அது அந்த நிறுவனத்தின் ரகசியம், கேட்டதும் காட்டுகிறவரை எடுப்பதும் நல்லதல்ல. ஒரு கம்ப்யூட்டரும், இரண்டு ஆண்டுக் கணக்கும், ஒன்றரை மணி நேரமும் கொடுத்து அடுத்த ஆண்டைக் கட்டச் சொல்லலாம். முடிந்ததும் வசூல் நாள் இருக்கும் கட்டத்தில் 45ஐ 60 ஆக்கிப் பார்க்க வேண்டும். எதுவும் நகரவில்லை என்றால் எண்களைக் கையால் அடித்திருக்கிறார். இருப்புநிலை டேலி ஆகாமல் போனால் இணைப்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அதை அவரே தேடிக் கண்டுபிடித்தால் மன்னிக்கலாம். டேலி ஆகிறது, ஆனால் ‘இதர சொத்து’ என்ற வரிசை மட்டும் திடீரென மாறுகிறது என்றால், அந்தக் கட்டத்தைச் சொடுக்கி ஃபார்முலாவைப் பாருங்கள். இரு பக்கத்து வித்தியாசத்தையே அங்கே போட்டு மறைத்திருந்தால், அவரை எம்.ஐ.எஸ். வேலைக்கும் எடுக்க வேண்டாம்.