ஒட்டிய முகமும் ஓரத்துக் கட்டமும்

ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் எண்களையும் ஒரு படி அளவுக்கு முழுமையாக்குகிறது. இதைப் போன வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம் நிறத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஒரு சின்னக் கணக்கு வழிமறித்துவிட்டது.

கட்டத்துக்குள் 37 என்று ஓர் எண். படி 10 என்றால் அது 40 ஆகப் பதிவாகும். அதே படத்தைப் பிசகாமல் அதே படியில் எத்தனை முறை சேமித்தாலும் 40 ஏறக்குறைய 40 ஆகவே நிற்கும். ‘தரத்தைக் கூட்டுவோம்’ என்று படியை 7 ஆக்கினால்? 40க்குப் பக்கத்தில் இருக்கும் ஏழின் மடங்கு 42. முதலிலேயே 7 வைத்திருந்தால் 37க்கு 35 கிடைத்திருக்கும், பிழை வெறும் 2. இப்போது பிழை 5. ஆக, படத்தைக் கெடுப்பது சேமித்த எண்ணிக்கை மட்டுமல்ல. படி மாறுவதும் கட்டம் நகர்வதும்தான்.

குரூப் போட்டோவில் பாட்டி கண் மூடியிருக்கிறார், அடுத்த ஷாட்டில் திறந்திருக்கிறார்; அந்த முகத்தை எடுத்து இதில் ஒட்டுகிறோம். அது வாட்ஸ்அப்பில் வந்த நகலிலிருந்து எடுக்கப்பட்டால், அதற்கு ஏற்கெனவே ஒரு கட்டக்கோடு உண்டு. புதிய படத்தின் கோட்டோடு அது தற்செயலாகப் பொருந்த 64ல் ஒரு வாய்ப்புதான். பெரும்பாலும் பழைய கோடு புதிய கட்டத்தின் நடுவே விழுந்து, கன்னத்தில் சதுரத் திட்டாகத் தெரியும். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, தாடை ஓரத்தையும் பின்னணியையும் ஒப்பிட்டால் புலப்படும். கோட்டுக்குக் கோடு பொருத்தி ஒட்டலாமே என்பார்கள். முகத்தைச் சற்றுத் திருப்பவோ சிறிதாக்கவோ வேண்டியிருந்தால் அந்தப் பொருத்தம் அங்கேயே போச்சு.

எனவே இரண்டு ஷாட்டையும் ரா கோப்பிலிருந்து ஒரே அமைப்பில் 16 பிட் டிஃப்பாகத் திறப்பதே வழி. ரா இல்லையென்றால் கேமராவின் மூல ஜேபெக். ஒட்டுவது, அளவு மாற்றுவது, வெட்டுவது எல்லாம் லேயர் கோப்பில் முடியட்டும்; இடையில் ஜேபெக் வேண்டாம். கடைசியில் ஒரே ஏற்றுமதி. அச்சுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று வேண்டுமானால் இரண்டையும் அந்த லேயர் கோப்பிலிருந்தே எடுக்கவேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றை அல்ல. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் மறுசுருக்கம் நேராது.

இது பொய்ப்படத்துக்கு உதவாதா? திட்டுதான் மறையும், ஒளியின் திசை, கேமராவின் இரைச்சல், நிழல் எல்லாம் அப்படியே சாட்சி சொல்லும். செய்திப்படத்தில் முகம் மாற்றுவது எந்த ஏற்றுமதியாலும் நியாயமாகாது. குடும்பப் படத்திலோ லேயர் கோப்பை வைத்திருந்தால், எது ஒட்டியது என்று கேட்பவருக்குக் காட்டிவிடலாம்.

நிறத்துக்கு மட்டும் கட்டம் பதினாறாக விரிவது ஏன் என்பது அடுத்த வாரம்.