வாலைப் பிடித்தால் சேர்மம் சிக்கும்

எத்தனால் ஓர் ஆல்கஹால். கை கழுவும் கிருமிநாசினியில் இருப்பது, 78 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. எத்தனேல் ஓர் ஆல்டிஹைடு. மூக்கைத் துளைக்கும் நெடி கொண்டது, ஏறத்தாழ 20 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். தமிழ்ப் பாடநூல் இரண்டையும் பிரித்து எழுதுகிறது. கல்லூரி வகுப்பில் ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லும்போதோ, இரண்டும் எத்தனால் என்றே காதில் விழுகின்றன. கேட்டபடி தமிழில் குறித்துக்கொண்ட மாணவர், டாலன்ஸ் சோதனையில் வெள்ளி ஆடி தந்தது எந்த எத்தனால் என்று பிறகு திகைப்பார். தந்தது ஆல்டிஹைடுதான். ஆல்கஹால் அந்தச் சோதனைக்கு மசியாது.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குக் கரிம வேதியியலில் பெரிய சிக்கல் இதுதான். பாடம் தெரிந்திருக்கும், பெயரின் கடைசி எழுத்துகள் நழுவிப்போகும். அந்த வாலில்தான் சேர்மத்தின் குணம் இருக்கிறது. ஆகவே பெயரைக் காதால் கற்காமல், ஆங்கில எழுத்துக்கூட்டலால் கற்க வேண்டும்.

முதலில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கொண்டவை. 1866-இல் ஹாஃப்மன் என்ற ஜெர்மன் வேதியியலர், ஹைட்ரஜன் குறையக் குறைய உயிரெழுத்தை வரிசையாக மாற்றலாம் என்றார்: ஏ, இ, ஐ. ஐ இருந்த இடத்தில் பின்னாளில் ஒய் வந்தது. ஈத்தேனில் ஆறு ஹைட்ரஜன், முடிவு ஏ-என்-இ, ஒற்றைப் பிணைப்பு. ஈத்தீனில் நான்கு, முடிவு இ-என்-இ, இரட்டைப் பிணைப்பு. ஈத்தைனில் இரண்டு, முடிவு ஒய்-என்-இ, முப்பிணைப்பு. அமீன், அனிலின் போன்ற நைட்ரஜன் சேர்மங்களின் முடிவு ஐ-என்-இ. ஈத்தீனிலும் அமீனிலும் நமக்கு ஒரே 'ஈன்' ஒலிதான் கேட்கிறது. எழுத்தைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

ஆக்சிஜன் சேர்ந்தவற்றுக்கு 1892-இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு வால்களை வகுத்தது. ஆல்கஹால் என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகள் ஓ-எல். அதுவே ஆல்கஹாலின் வால். ஆல்டிஹைடு என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் ஏ-எல். அது ஆல்டிஹைடின் வால். கீட்டோனின் கடைசி மூன்று எழுத்துகள் ஓ-என்-இ, அது கீட்டோனுக்கு. ஒன்றில் கடைசியையும் மற்றதில் முதலையும் எடுக்கிறோம் என்பதை மட்டும் மனத்தில் வைத்தால் போதும்.

இனி ஒரு நீண்ட பெயரைப் பிரித்துப் பார்ப்போம்: 4-மெத்தில்பென்ட்-3-ஈன்-2-ஓன். இடமிருந்து வாசித்தால் மிரட்டும். வாலிலிருந்து வாருங்கள். ஓன் என்பதால் இது கீட்டோன். முன்னுள்ள 2, ஆக்சிஜன் இரண்டாம் கார்பனில் இருப்பதைச் சொல்கிறது. ஈன், 3 என்றால் மூன்றாம் கார்பனுக்கும் நான்காம் கார்பனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு. பென்ட் என்றால் முதன்மைச் சங்கிலியில் ஐந்து கார்பன்கள். கடைசியாக, நான்காம் கார்பனில் ஒரு மெத்தில் கிளை. வரைந்தால் கிடைப்பது:

CH₃–CO–CH=C(CH₃)–CH₃

இதை ஆங்கிலத்தில் எழுதும்போது, ஈன் என்ற பகுதியில் இ-என் மட்டுமே இருக்கும். கடைசி இ காணாமல் போயிருக்கும். அடுத்து வரும் ஓன் உயிரெழுத்தில் தொடங்குவதால் அந்த இ விழுந்துவிட்டது. எத்தேன்-1,2-டையால் என்ற பெயரில், அடுத்து வருவது டி என்னும் மெய்யெழுத்து, அதனால் இ நிற்கிறது. மாணவர்கள் அடிக்கடி மதிப்பெண் இழப்பது இந்த ஓர் எழுத்தில்தான்.

முன்பகுதியிலும் ஒரு பொறி உண்டு. பென்டேன், பென்சீன் இரண்டும் தமிழில் ஒரே 'பெ'. ஆங்கிலத்தில் முன்னதற்குப் பி, பின்னதற்குப் பீ அல்ல, பலூனில் ஒலிக்கும் எழுத்து. முன்னது ஐந்து கார்பன் சங்கிலி, பின்னது ஆறு கார்பன் வளையம்.

வால் ஏமாற்றும் இடமும் இருக்கிறது. பென்சீன் இ-என்-இ என்று முடிந்தாலும் ஆல்கீன் அல்ல. ஈத்தீன் புரோமின் நீரின் நிறத்தைப் போக்கும், பென்சீன் போக்காது. இப்படிப்பட்ட பழைய பெயர்களைத் தனிப் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்வதே வழி.

பயிற்சிக்கு, ஆங்கிலப் பெயரை எழுதி வாலுக்கு முன் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அமைப்பை வரைந்து, பெயரை மறைத்துவிட்டு, வரைபடத்திலிருந்து மீண்டும் பெயரை எழுதுங்கள். இரண்டு பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால், எங்கே வேறுபடுகிறதோ அந்தப் பகுதியைத்தான் நீங்கள் இன்னும் படிக்க வேண்டும்.