வேலை வரிசைக்குத் தனி சர்வர் எப்போது தேவை?

ஆன்லைனில் புடவை விற்கும் ஒரு சிறிய கடையை எடுத்துக்கொள்வோம். அதன் மென்பொருளை நான்கு பேர் பார்த்துக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர் ஆர்டர் பொத்தானை அழுத்தியதும் பின்னால் நான்கு வேலைகள் நடந்தாக வேண்டும்: எஸ்எம்எஸ் அனுப்புவது, பில்லை பிடிஎஃப் ஆக்குவது, அதை மின்னஞ்சலில் அனுப்புவது, கூரியர் நிறுவனத்தில் பார்சலைப் பதிவு செய்வது. கூரியர் நிறுவனத்தின் சர்வர் பதில் சொல்ல 20 விநாடி எடுத்துக்கொண்டால், அதுவரை வாடிக்கையாளரின் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஆர்டரை மட்டும் உடனே பதிந்து 'நன்றி' சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மற்ற நான்கு வேலைகளும் ஒரு வரிசையில் போய் நிற்கின்றன. பின்னணியில் ஓடும் 'வொர்க்கர்' என்ற நிரல்கள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கின்றன.

அந்த வரிசையை எங்கே வைப்பது? ஆர்டர்கள் இருக்கும் அதே டேட்டாபேஸில் இன்னொரு டேபிளாக வைக்கலாம். எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்து வேகமாக இயங்கும் ரெடிஸில் வைக்கலாம். அல்லது செய்திகளை வாங்கிப் பத்திரமாகக் கைமாற்றுவதையே தொழிலாகக் கொண்ட ராபிட்எம்கியூ போன்ற புரோக்கரிடம் ஒப்படைக்கலாம். பெரும்பாலான குழுக்கள் 'எது வேகம்?' என்று கேட்டே இதைத் தீர்மானிக்கின்றன. சிறிய குழு முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். கடைக்கு நாளொன்றுக்கு 5,000 ஆர்டர் வருகிறது என்றால், ஆர்டருக்கு நான்கு வீதம் 20,000 வேலைகள். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். அதாவது நான்கு விநாடிக்குச் சற்று கூடுதலான இடைவெளியில் ஒரு வேலை. தீபாவளி நேரத்தில் கூட்டம் 20 மடங்கு ஆனாலும் விநாடிக்கு ஐந்து வேலைகள்தான். சாதாரண சர்வரில் ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இதைவிடப் பல மடங்கு தாங்கும். இந்த அளவில் மூன்றுமே போதுமான வேகம் கொண்டவைதான்.

இரண்டு இடத்தில் எழுதினால்

உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. ஆர்டர் டேட்டாபேஸிலும் வேலை ரெடிஸிலும் இருந்தால், ஒரே செயலுக்கு இரண்டு இடங்களில் எழுத வேண்டும். அந்த இரண்டு எழுத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு.

வேலையை முதலில் ரெடிஸில் போட்டுவிட்டுப் பிறகு ஆர்டரை உறுதி செய்கிறீர்கள் என்று வையுங்கள். வொர்க்கர் சில மில்லி விநாடிகளில் வேலையை எடுத்துவிடும். டேட்டாபேஸில் தேடினால் ஆர்டர் இன்னும் அங்கே வந்திருக்காது. 'ஆர்டர் இல்லை' என்று பிழை வரும். மறுபடி ஓட்டிப் பார்த்தால் ஒழுங்காக ஓடும். இந்தக் குழப்பத்தோடு மல்லாடாத குழு குறைவு. ஆர்டர் பதிவே கடைசி நொடியில் ரத்தாகிவிட்டால் இன்னும் மோசம்: இல்லாத ஆர்டருக்கு எஸ்எம்எஸ் போயிருக்கும்.

சரி, ஆர்டரை உறுதி செய்த பிறகு வேலையைப் போடலாமே? போடலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் புதிய பதிப்பு ஏற்றுவதற்காக சர்வர் மறுதொடக்கம் ஆனாலோ, ரெடிஸுக்குப் போகும் இணைப்பு ஒரு கணம் அறுந்தாலோ, ஆர்டர் இருக்கும், வேலை இருக்காது. நிரல் அந்த இடத்திலேயே நின்றுபோனால் பிழைப் பதிவுகூட மிஞ்சாது. நான்கு நாள் கழித்து 'என் புடவை எங்கே?' என்று வாடிக்கையாளர் போன் செய்யும்போதுதான் விஷயம் தெரியவரும். முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால், பதிவாகி 15 நிமிடம் தாண்டியும் கூரியர் எண் கிடைக்காத ஆர்டர்களைத் தேடும் ஒரு சோதனையைத் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

வேலை வரிசையும் அதே டேட்டாபேஸில் இருந்தால் இந்த இடைவெளியே இல்லை. ஆர்டரும் அதன் நான்கு வேலைகளும் ஒரே பரிவர்த்தனைக்குள் எழுதப்படும். எழுதினால் ஐந்தும் பதியும். ரத்தானால் ஐந்தும் போகும். டேபிளின் மிகப் பெரிய பலம் இதுதான்.

டேபிள் வரிசை இயங்கும் விதம்

டேபிளை வரிசையாகப் பயன்படுத்துவதற்கு முன்பு கெட்ட பெயர் இருந்தது. பல வொர்க்கர்கள் ஒரே நேரத்தில் வந்தால் எல்லாம் முதல் வரியையே பிடிக்கப் பார்க்கும். ஒன்று பூட்டிக்கொள்ள, மற்றவை பூட்டு திறக்கும்வரை காத்து நிற்கும். 2009-ல் கிட்ஹப் நிறுவனம் டேபிளை நம்பிய டிலேய்ட் ஜாப் என்ற கருவியை விட்டு, ரெடிஸை நம்பிய ரெஸ்க்யூ என்ற கருவியைத் தானே எழுதிக்கொண்டது. பலரும் அந்த வழியில் போனார்கள்.

2016 ஜனவரியில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 9.5 நிலைமையை மாற்றியது. `SKIP LOCKED` என்ற சொற்றொடர் அதில் சேர்ந்தது. இன்னொருவர் பூட்டிய வரிக்காகக் காத்திராமல், அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போ என்பது அதன் பொருள். மைஎஸ்க்யூஎல்லும் 8.0 பதிப்பில் இதைக் கொண்டுவந்தது. ஒரு வொர்க்கர் தனக்கான வேலையை எடுக்கும் கட்டளை இவ்வளவுதான்:

```sql
UPDATE jobs
SET locked_at = now(), attempts = attempts + 1
WHERE id = (
  SELECT id FROM jobs
  WHERE run_at <= now() AND locked_at IS NULL
  ORDER BY run_at
  LIMIT 1
  FOR UPDATE SKIP LOCKED
)
RETURNING id, kind, payload, attempts;
```

நேரம் வந்துவிட்ட, யாரும் எடுக்காத வேலைகளில் மிகப் பழையதை இது எடுத்து, எடுத்த நேரத்தைக் குறித்துவைக்கிறது. வேலை முடிந்ததும் வொர்க்கர் அந்த வரியை அழித்துவிடும். தோற்றால் `locked_at` மதிப்பைக் காலியாக்கி, `run_at` நேரத்தைச் சில நிமிடம் தள்ளிவைக்கும். வேலை நடுவில் வொர்க்கரே செத்துப்போனால்? `locked_at` குறிக்கப்பட்டுப் பத்து நிமிடம் தாண்டியும் முடியாத வரிகளை மறுபடி வரிசையில் விட ஒரு சிறிய நிரல் வேண்டும். அந்தப் பத்து நிமிடம், உங்களுடைய மிக நீண்ட வேலை எடுக்கும் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

செத்ததாக நினைத்து மறுபடி விட்ட வேலை, உண்மையில் பாதி முடிந்திருக்கலாம். மூன்றில் எந்த வழியைத் தேர்ந்தாலும், வேலை தொலையக் கூடாது என்றால் அது எப்போதாவது இருமுறை ஓடும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். எஸ்எம்எஸ் இருமுறை போனால் பாதகமில்லை. கூரியர் இருமுறை பதிவானால் காசு போகும். அதனால் பதிவு செய்வதற்கு முன், இந்த ஆர்டருக்கு ஏற்கெனவே கூரியர் எண் இருக்கிறதா என்று வொர்க்கர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டேபிளுக்கும் எல்லை உண்டு. போஸ்ட்கிரெஸில் ஒரு வரியை மாற்றினாலோ அழித்தாலோ பழைய பிரதி உடனே மறைவதில்லை. வேக்குவம் என்ற துப்புரவு வேலை பிறகு வந்து அகற்றுகிறது. யாராவது இரண்டு மணி நேரம் ஓடும் அறிக்கை ஒன்றை அதே டேட்டாபேஸில் ஓட்டினால், அது முடியும்வரை அதற்குப் பின் செத்த பிரதிகளை அகற்ற முடியாது. நம் புடவைக் கடையில் இரண்டு மணி நேரத்தில் 1,700 வேலைகள்கூட ஓடாது, யாருக்கும் தெரியாது. விநாடிக்கு 500 வேலைகள் ஓடும் இடத்தில் அதே நேரத்தில் 36 லட்சம் வேலைகளின் குப்பை சேரும். அடுத்த வேலையைத் தேட ஒவ்வொரு வொர்க்கரும் அதைக் கடந்தாக வேண்டும். வேலை எடுக்கும் கட்டளை நாளுக்கு நாள் மெதுவானால், `pg_stat_user_tables` காட்டும் `n_dead_tup` எண்ணையும், `pg_stat_activity` காட்டும் நீண்ட பரிவர்த்தனைகளையும் முதலில் பாருங்கள்.

ரெடிஸ் எங்கே பொருந்தும்?

விநாடிக்கு ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன வேலைகள், ஒன்றிரண்டு தொலைந்தாலும் குடி முழுகாது என்ற நிலை இருந்தால் ரெடிஸ் பொருத்தம். ஆனால் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். `BRPOP` கட்டளையால் வேலையை எடுத்தால், அந்தக் கணமே அது வரிசையிலிருந்து போய்விடும். எடுத்த வொர்க்கர் செத்தால் வேலையும் போச்சு. `LMOVE` மூலம் 'நடப்பில் உள்ளவை' என்ற இன்னொரு பட்டியலுக்கு மாற்றினால் மீட்கலாம்.

அடுத்தது, தரவு வட்டில் எப்போது எழுதப்படுகிறது என்பது. ரெடிஸ் அமைப்பை அப்படியே விட்டுவைத்தால் அவ்வப்போதுதான் மொத்தமாகப் படம் எடுத்துச் சேமிக்கும். சர்வர் திடீரென்று நின்றால் கடைசிச் சில நிமிட வேலைகள் காணாமல் போகலாம். `appendonly yes` என்று மாற்றி, `appendfsync everysec` என்று வைத்தால் இழப்பு சுமார் ஒரு விநாடிக்குள் அடங்கும். கேஷ் வைக்கும் அதே ரெடிஸில் வரிசையையும் வைப்பது இன்னோர் ஆபத்து. `maxmemory-policy` மதிப்பு `allkeys-lru` என்று இருந்தால், நினைவகம் நிரம்பும்போது ரெடிஸ் பழைய கேஷைப் போலவே உங்கள் வரிசையையும் தூக்கி எறியலாம். வரிசைக்கு `noeviction` அமைப்போடு தனி ரெடிஸ் வேண்டும்.

புரோக்கர் எப்போது?

ஒரே ஆர்டர் செய்தியை பில்லிங், கிடங்கு, கணக்கு என்று வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு மொழியில் எழுதிய நிரல்கள் தனித்தனியாகப் பெற வேண்டுமென்றால், புரோக்கர் தன் செலவுக்கு நியாயம் செய்கிறது. எந்தச் செய்தி யாருக்கு என்று பிரிப்பது, வேலை முடிந்ததாக ஒப்புதல் வந்த பிறகே அழிப்பது, மீண்டும் மீண்டும் தோற்றவற்றைத் தனியே ஒதுக்குவது எல்லாம் அதற்குக் கைவந்த கலை. ஆனால் அதற்கும் சொந்த விதிகள் உண்டு. அமேசானின் எஸ்க்யூஎஸ் சேவையில், மாற்றாமல் விட்டால் ஒரு வேலையை முடிக்க 30 விநாடிதான் அவகாசம். பில் தயாரிக்க 40 விநாடி ஆனால், முதல் வொர்க்கர் முடிப்பதற்குள் இரண்டாவது வொர்க்கருக்கும் அதே வேலை போய்விடும்.

மேலே சொன்ன இடைவெளியைப் புரோக்கரும் தீர்ப்பதில்லை. அதைத் தீர்க்க, அனுப்ப வேண்டிய செய்தியை ஆர்டரோடு சேர்த்து முதலில் டேட்டாபேஸ் டேபிள் ஒன்றில் எழுதி, அங்கிருந்து புரோக்கருக்கு எடுத்துக்கொடுக்கும் முறையைத்தான் பெரிய நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. சுற்றி வந்தாலும் டேபிள் ஒன்று தேவைப்படுகிறது.

2024-ல் வெளிவந்த ரூபி ஆன் ரெய்ல்ஸ் 8, புதிய செயலிகளுக்கு டேட்டாபேஸில் ஓடும் சாலிட் க்யூவையே இயல்பான வரிசையாக வைத்திருக்கிறது. சிறிய குழுவுக்கும் அதுவே சரியான தொடக்கம். ஏற்கெனவே பேக்கப் எடுக்கும், கண்காணிக்கும் டேட்டாபேஸிலேயே வரிசையையும் வையுங்கள். காத்திருக்கும் வேலைகளில் மிகப் பழையதன் வயதைத் தினமும் பாருங்கள். வொர்க்கர்களைக் கூட்டியும் அந்த வயது குறையவில்லை, வேலை எடுக்கும் கட்டளையே மெதுவாகிறது என்றால் ரெடிஸைப் பற்றி யோசியுங்கள். ஒரே செய்திக்குப் பல குழுக்கள் கை நீட்டும் நாளில் புரோக்கரைக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் வாங்கும் தனி சர்வர், நான்கு பேரில் ஒருவரின் நேரத்தைத்தான் தின்னும்.