டாலர் வருமுன்னே விலை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதியாளர் ஒரு லட்சம் டாலருக்கு ஆர்டர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூல், சாயம், தையல் கூலி எல்லாம் ரூபாயாக இப்போதே கையை விட்டுப் போகும். டாலர் வருவதோ மூன்று மாதம் கழித்து. ஆர்டர் எடுக்கும் நாளில் டாலர் 83 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 81-க்கு இறங்கினால் 2 லட்சம் போச்சு. சில ஆர்டர்களில் லாபமே அவ்வளவுதான்.

அதனால் வங்கியில் ஃபார்வர்டு போடுகிறார். மூன்று மாதம் கழித்து அந்த டாலரை 83.40-க்கு வங்கிக்கு விற்பதாக ஒப்பந்தம். கூடுதலான 40 காசு வங்கியின் ஆரூடம் அல்ல. ரூபாய்க்கு வட்டி அதிகம், டாலருக்குக் குறைவு. அந்த வித்தியாசம்தான் இப்படி வருகிறது.

அன்றைக்கு டாலர் 85 ஆகியிருந்தாலும் இவருக்கு 83.40தான். பக்கத்து கம்பெனிக்காரர் 85-க்கு விற்றதைக் கேட்டால் வயிறு எரியத்தான் செய்யும்.

நிஜமான வம்பு வேறு. வெளிநாட்டுக்காரர் ஆர்டரை ரத்து செய்தாலும் வங்கியோடு போட்ட ஒப்பந்தம் அப்படியே நிற்கும். அன்றைய விலை 85 என்றால், டாலருக்கு 1.60 வீதம் 1,60,000 ரூபாயை வங்கி இவர் கணக்கில் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் விவரமானவர்கள் முழுத் தொகைக்கும் போடாமல், கட்டாயம் வரும் என்று தெரிந்த பகுதிக்கு மட்டும் போடுகிறார்கள்.